எந்தக் கடனை முதலில் அடைப்பது?

முகத்துவாரத்து உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

வட்டி ஹராம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கனவே நாலைந்து கடனுக்குள் இருக்கிற ஒரு குடும்பம் எந்த வரிசையில் வெளியே வருவது என்பதுதான் பேச்சு. பாடசாலைக்கு வரும் பெற்றோரோடு பேசும்போது நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். பெரும்பாலான வீடுகளில் வரிசை என்று ஒன்றே இல்லை. யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு அந்த மாதம் காசு போகிறது. சத்தம் போடாத கடன் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் செலவு எல்லாம் போக, கடனுக்கென்று மாதம் 40,000 ரூபா ஒதுக்க முடிகிறது. இருக்கிற கடன்கள் ஐந்து.

1. வட்டிக்காரரிடம் 50,000. மாதம் நூற்றுக்குப் பத்து. அதாவது மாதம் 5,000 வட்டி.
2. பைனான்ஸ் கம்பனியில் எடுத்த 100,000. வருடத்துக்கு 24% என்று சொல்லி 12 தவணை. தவணை 10,333. இன்னும் 6 தவணை பாக்கி, மொத்தம் 62,000.
3. கடனட்டையில் 150,000. வருட வட்டி 26%. குறைந்தபட்சக் கட்டணமாக மாதம் 7,500 கட்டுகிறார்கள்.
4. வங்கியில் நகை அடகு 120,000. வருட வட்டி 15%. போன மாதம்தான் திருப்பி வைத்தது. முடிவுத் திகதிக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருக்கிறது.
5. தாத்தாவிடம் வாங்கிய அழகிய கடன் 40,000. வட்டி இல்லை.

முதல் வேலை, எல்லா வட்டியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. வட்டிக்காரர் "பத்து" என்கிறார், கம்பனி "இருபத்து நாலு" என்கிறது, அட்டை "இருபத்தாறு" என்கிறது. காதில் விழும்போது பத்துதான் சின்னதாகக் கேட்கும். ஆனால் அவர் சொல்வது மாதத்துக்கு. வருடத்துக்குப் போட்டால் 120%. ஐந்திலும் பயங்கரமானது அதுதான்.

கம்பனி சொல்லும் 24% இன்னொரு வகை. அந்த 24% முதலில் எடுத்த முழு 100,000 மீது கடைசி மாதம் வரைக்கும் போடப்படுகிறது. உண்மையில் முழு 100,000 உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். தவணை கட்டக் கட்ட அது குறைந்து, கடைசி மாதத்தில் 8,333 தான் பாக்கி. பன்னிரண்டு மாதத்தையும் சராசரி பார்த்தால் உங்களிடம் இருந்த கடன் 54,000 அளவுதான். அதற்கு 24,000 வட்டி கொடுத்திருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் வட்டி சுமார் 44% ஆகிறது. கணினியில் துல்லியமாகப் போட்டால் 42% கிட்ட வரும். சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், குறைந்து செல்லும் மீதிக் கணக்காகப் போட்டுக் காட்டும்.

இதனால்தான் கடன் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வீதம்?" என்பது மட்டும் இல்லை. "முழுத் தொகைக்கா, குறைந்து வரும் மீதிக்கா?" என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை, ஒவ்வொரு கடனிலும் முன்கூட்டிக் கட்டினால் வட்டி குறையுமா என்று விசாரிப்பது. இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. இந்தக் குடும்பம் கம்பனிக்குப் போய், "இன்றைக்கு முடித்தால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்கிறது என்று வையுங்கள். மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் சுமார் 55,000 தான் வர வேண்டும். அந்தத் தொகையைச் சொன்னால், முந்தி முடிப்பதில் 7,000 மிச்சம். ஆனால் கம்பனி 62,000 என்றே சொன்னால், வரப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் கேட்கிறது. அப்படியானால் இன்று கட்டினாலும் ஆறு மாதத்தில் கட்டினாலும் ஒரே காசு. 42% கடனாக இருந்தாலும் அதை அவசரமாக முடித்து ஒரு சதம் லாபம் இல்லை. தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மேலதிகக் காசை வேறு கடனுக்குப் போடுவதுதான் புத்தி. நம் குடும்பத்துக்கு 62,000 என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

இப்போது வரிசை தானாக வருகிறது. எல்லாவற்றுக்கும் கட்டாயம் கட்ட வேண்டியதை முதலில் கட்டுகிறோம். வட்டிக்காரரின் வட்டி 5,000, கம்பனி 10,333, அட்டை 7,500. அடகின் மாத வட்டி 1,500 ஐ ஒரு உறையில் போட்டு வைக்கிறோம். மொத்தம் 24,333. நாற்பதில் மிஞ்சுவது 15,667. அந்த மிச்சம் முழுவதும் ஒரே ஒரு கடனுக்குத்தான் போக வேண்டும். இங்கே அது வட்டிக்காரருக்கு.

முதல் மாதம் அவருடைய முதல் 34,333 ஆகக் குறைகிறது. அடுத்த மாத வட்டி 5,000 இல்லை, 3,433 தான். குறைந்த வட்டியும் முதலில் சேர்வதால் இரண்டாம் மாதம் பாக்கி 17,099. மூன்றாம் மாதம் அவர் கதை முடிந்துவிடும். அவருக்கு மொத்தமாகக் கொடுத்த வட்டி சுமார் 10,150 ரூபா.

அதன் பிறகு அவருக்குப் போன 20,667 அப்படியே அட்டைக்குத் திரும்ப வேண்டும், வீட்டுச் செலவுக்கு இல்லை. இந்த இடத்தில்தான் பலர் விடுகிறார்கள். ஒரு கடன் முடிந்ததும் கை கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. திருப்பிவிட்டால் நாலாம் மாதத்திலிருந்து அட்டைக்கு 28,167 போகும். ஆறாம் மாதத்தோடு கம்பனித் தவணையும் முடிந்து அதுவும் சேரும். எட்டாம் மாதம் அட்டை சுத்தம். பதினோராம் மாதம் நகையை மீட்கலாம், வட்டி உறையில் தயாராக இருக்கும். பன்னிரண்டாம் மாதம் தாத்தாவின் காசு.

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. சின்னக் கடனை முதலில் முடி, ஒரு பெயரை வெட்டிவிட்டால் மனசுக்குத் தெம்பு வரும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வட்டி வீதங்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட இருந்தால் அப்படியே செய்யலாம். ஆனால் இந்தக் குடும்பத்தில் சின்னக் கடன் தாத்தாவுடையது. அதை முதலில் முடித்தால் அந்த மூன்று மாதமும் வட்டிக்காரரின் 50,000 அசையாமல் நிற்கும். அவர் கணக்கு ஆறாம் மாதம்தான் முடியும், வட்டி சுமார் 22,800 போகும். மனத்தெம்புக்குக் கொடுத்த விலை 12,000 ரூபாவுக்கு மேல். தாத்தாவிடம் போய், "உங்கள் காசு பன்னிரண்டாம் மாதம், இதோ கணக்கு" என்று கொப்பியைக் காட்டிப் பேசினால் அந்த 12,000 வீட்டில் தங்கும். ஆனால் அவருக்கே முடை என்றால் வரிசை மாறத்தான் வேண்டும். வட்டி கேட்காதவரை ஏமாற்றிச் செய்கிற சேமிப்பு நமக்கு வேண்டாம்.

வரிசையை மாற்றக்கூடிய இன்னும் மூன்று விடயங்கள் உண்டு.

ஒன்று, திகதி. அடகு வட்டி குறைவுதான். ஆனால் முடிவுத் திகதியைத் தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே திகதி நெருங்கியிருந்தால் குறைந்தது வட்டியைக் கட்டித் திருப்பி வைப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். லீசிங்கில் எடுத்த ஆட்டோவும் அப்படியே. தவணை தவறினால் போவது உழைக்கும் வண்டி.

இரண்டு, அட்டையைப் பாவித்துக்கொண்டே அடைக்க முடியாது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையை அலுமாரியில் பூட்டிய நாள்தான் கணக்கின் முதல் நாள்.

மூன்று, வீதம் மாறும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நினைவிருக்கும். அதன் பின் அட்டை வட்டி எங்கே போனது என்று அட்டை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்ட்டில் அதே மத்திய வங்கி கடனட்டைக்கு 28%, நகை அடகுக்கு 18% என்று உச்ச வரம்பு போட்டது. போன வருடம் கொப்பியில் எழுதிய வீதத்தை இந்த வருடம் நம்ப வேண்டாம். மாதாந்தக் கூற்றையும் அடகுச் சீட்டையும் எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். வங்கி, பைனான்ஸ் கடன்களில் எது எவ்வளவு என்று குழப்பமாக இருந்தால் கிரிப் அறிக்கை எடுத்தால் தெரியும். வட்டிக்காரரும் தாத்தாவும் அதில் இருக்க மாட்டார்கள், அவர்களை நாமே எழுத வேண்டும்.

கடைசியாக, நம் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஸகாத் கொடுக்கிற வசதியான வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஐம்பதாயிரத்தை ஐயாயிரமாகப் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் அது பத்து வீட்டிலும் அந்த மாதமே கரைந்துவிடும். அதே ஐம்பதாயிரத்தை நூற்றுக்குப் பத்து வட்டிக்குள் இருக்கிற ஒரு வீட்டுக்குக் கொடுத்து அந்தக் கடனை முழுதாக மூடினால், அந்த வீட்டில் மாதம் 5,000 ரூபா வெளியே போவது நிற்கும். ஒரு வருடத்தில் அது 60,000. கொடுத்த ஸகாத்தை விட அதிகம். மஹல்லாவில் எத்தனை வீடு அந்த வட்டிக்குள் இருக்கிறது என்று ஒரு பட்டியலாவது நம்மிடம் இருக்கிறதா? யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கும் இதே வரிசைதான் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.

தங்கள் கடன்களை எழுதிப் பார்த்து எங்கேயாவது தடங்கினால் உட்பெட்டியில் வாருங்கள். பெயர் வேண்டாம், தொகையும் வீதமும் திகதியும் போதும். சேர்ந்து கணக்குப் போடுவோம்.