ஆப்பிள் மடிக்கணினியில் விண்டோஸ்
புரோகிராம் ஓடுகிறது, பூட்டு திறக்கவில்லை!

ஆப்பிள் கம்பெனியின் மடிக்கணினியை வாங்குகிறார் ஒரு கணக்கர். கடைக் கணக்கு எழுதும் புரோகிராமோ விண்டோசில் மட்டுமே ஓடும். "கவலை இல்லை, இதிலேயே விண்டோசும் போடலாம்" என்கிறார் கடைக்காரர். அது மெய்தான். ஆனால் பாதி மெய்!

2006-ம் ஆண்டு முதல் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் இன்டெல் பிராசசர் இருந்தது. விண்டோசும் அதே பிராசசருக்கு எழுதப்பட்டதுதான். அதனால் இரண்டும் ஒரே எந்திரத்தில் சுகமாக வாழ்ந்தன. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த பிராசசரான எம்-1ஐக் கொண்டுவந்தது. இது ஆர்ம் என்ற வேறு இனத்தைச் சேர்ந்தது. இன்டெல் பேசும் பாஷை இதற்குப் புரியாது.

விருந்தாளி விண்டோஸ்

இப்போது விண்டோஸ் அந்த எந்திரத்தில் விருந்தாளியாகத்தான் தங்க முடியும். பேரலல்ஸ் போன்ற ஒரு புரோகிராம், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்குகிறது. அதற்குள் விண்டோஸ் குடியேறுகிறது. ஆனால் பிராசசர் மட்டும் பொய் அல்ல. வீட்டுக்காரர் பிராசசரே விருந்தாளிக்கும். ஆகவே அங்கே தங்குவது ஆர்முக்கென்று எழுதிய விண்டோஸ் 11 ஆகத்தான் இருக்க வேண்டும். பேரலல்ஸ் மூலம் அதன் புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளை ஓட்டுவதற்கு 2023 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் ஒப்புதல் தந்தது. விண்டோஸ் லைசென்சை மட்டும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அப்படியானால் கணக்கரின் பழைய புரோகிராம்? அது இன்டெல் பாஷையில் அல்லவா எழுதப்பட்டது? அதற்காக ஆர்ம் விண்டோசுக்குள் ஒரு துபாஷி இருக்கிறார். இன்டெல் கட்டளையை அவ்வப்போது ஆர்ம் கட்டளையாக மாற்றித் தருவது அவர் வேலை. கொஞ்சம் தாமதம் ஆகும். கணக்கு எழுதுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

துபாஷிக்கு அனுமதி இல்லாத இடம்

கணக்கர் புரோகிராமைப் போட்டார். திறந்தது. ஆனால் அதற்கு ஒரு பூட்டு உண்டு. விரல் அளவு யு.எஸ்.பி. துண்டு அது. அதைச் செருகினால்தான் புரோகிராம் வேலை செய்யும். செருகினார். "பூட்டைக் காணோம்" என்றது புரோகிராம்! கையில் இருக்கிறது, செருகியும் ஆயிற்று, ஆனாலும் காணோமாம்!

காரணம் இதுதான். ஒரு கருவியை விண்டோசுக்கு அறிமுகப்படுத்தும் சிறு புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கணக்குப் புரோகிராம் வெளி மண்டபத்தில் ஓடுகிறது. பூட்டின் டிரைவரோ விண்டோசின் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைந்து வேலை செய்வது. துபாஷிக்கு மண்டபம் வரைதான் அனுமதி. உள்ளே போகிறவர் ஆர்ம் பாஷை தெரிந்தவராகவே இருக்க வேண்டும். கணக்கரின் டிரைவர் இன்டெல் பாஷைக்காரர்.

சில சமயம் டிரைவரைப் போடும்போது, "வெற்றிகரமாக முடிந்தது" என்றுகூடச் சொல்லும். அதை நம்பக் கூடாது. Device Manager என்ற பகுதியைத் திறந்து, அந்தக் கருவியின் பெயருக்கு அருகில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் டிரைவர் உள்ளே போகவில்லை.

மோசடியைத் தடுக்க உள்ளே காவல் வைக்கும் சில விளையாட்டுகள் ஓடாமல் போவதற்கும் இதே காரணம்தான். பிள்ளைகள் கோபிப்பதில் நியாயம் உண்டு.

அச்சு எந்திரம் தப்பியது

கணக்கரின் பழைய பிரின்டருக்கும் ஆர்ம் டிரைவர் கிடையாது. ஆனால் அது வேலை செய்தது! எப்படி? வீட்டுக்காரரான ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு அந்தப் பிரின்டரைத் தெரியும். விருந்தாளி கொடுத்த காகிதத்தை வீட்டுக்காரர் வாங்கி அச்சடித்துக் கொடுத்தார். பேரலல்சில் இதற்கு வசதி இருக்கிறது. பூட்டுக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. விண்டோஸ் தானே நேரில் பார்த்தால்தான் பூட்டு திறக்கும்.

இனி என்ன செய்வது? பூட்டைத் தயாரித்த கம்பெனியிடம் ARM64 டிரைவர் உண்டா என்று கேட்கலாம். டிரைவரே தேவைப்படாத பூட்டாக மாற்றித் தருவார்களா என்றும் கேட்கலாம். இரண்டும் இல்லாவிட்டால், பழைய இன்டெல் கம்ப்யூட்டரை ஒரு மூலையில் ஓடவிட்டு, பூட்டை அதில் செருகி, மடிக்கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதை இயக்கலாம். கணக்கர் கடைசியில் செய்தது இதுவே.

இடம் போதுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் வேண்டும். 8 ஜி.பி. உள்ள மடிக்கணினியில் 4ஐ விருந்தாளிக்குக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு மிச்சம் 4. இருவருக்கும் மூச்சுத் திணறும். பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம் என்றால் முடியாது. ஆப்பிளின் இந்த மடிக்கணினிகளில் நினைவகம் பிராசசரோடு சேர்த்தே வைக்கப்பட்டது. 16 ஜி.பி. உள்ளதை வாங்கினால் தாராளமாக இருக்கும்.

பழைய இன்டெல் ஆப்பிளையே தேடி வாங்கலாமே என்பார்கள் சிலர். மேக் ஓ.எஸ். 26-தான் இன்டெல் எந்திரங்களுக்கான கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதில் பணத்தைப் போடுவதற்கு முன்பு, பூட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது மலிவு.