கோமாதாவுக்குப் பழம் கொடுக்கிற கையாலேயே கம்பியும் கொடுக்காதீங்க

ஆடித் திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. பந்தலுக்கு ஆள் பேசியாச்சு, தோரணத்துக்கு ஓலை சொல்லியாச்சு. அதுக்கு முன்னாடி கோயில் தொண்டர்கள் நாங்க ஒரு விஷயத்தை வெளிப்படையா சொல்லிடணும். சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுக் கோபப்படுங்க.

திருவிழா முடிஞ்ச மறுநாள் என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். வாசல் வாழை, தோரணம், சாமிக்குச் சாத்தின மாலை, எல்லாத்தையும் ஒரே குவியலா வாரி, "மாடு தின்னட்டும், புண்ணியம்"னு லயத்துக்குப் பின்னால கொண்டு போய்க் கொட்டுறாங்க. வாழையைத் தூணோட சேர்த்துக் கட்டினது கட்டுக்கம்பி. ஓலை மடிப்புல ஸ்டேப்ளர் ஊசி. பெரிய மாலை வளையாம நிக்க உள்ளே ஒரு கம்பி. இதையெல்லாம் யார் பிரிச்சு எடுக்கிறா? யாரும் எடுக்கிறதில்லை. முதல் நாள் கோபூஜை செஞ்சு, நெத்தியில சந்தனம் குங்குமம் வச்சு, வாலைத் தொட்டுக் கும்பிட்ட அதே மாட்டுக்கு மறுநாள் இரும்பை ஊட்டுறது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?

"மாட்டுக்குத் தெரியாதா, கம்பியை ஒதுக்கிட்டுத் தின்னும்"னு ஒரு பெரியவர் எங்ககிட்ட வாதாடினார். ஒதுக்காது ஐயா. ஆடு உதட்டால பொறுக்கிப் பொறுக்கித் தின்னும், அதனாலதான் ஆட்டுக்கு இந்த நோய் ரொம்ப அபூர்வம். மாடு நாக்கைச் சுத்தி ஒரு பிடியா இழுத்து உள்ளே போடும். அரைகுறையா மென்னு முழுங்கிடும், அப்புறமா சாவகாசமா அசைபோடும். அதோட நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கீங்களா? அரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும், அந்த முள்ளெல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்துச் சாஞ்சிருக்கும். வாய்க்குள்ள போன கம்பி பின்னால போறதுக்குத்தான் வழி, வெளியே துப்புறது கஷ்டம்.

முழுங்கின இரும்பு கனமா இருக்கிறதால இரண்டாவது வயித்துல போய்த் தங்கிடும். அந்த வயித்தோட உள்பக்கம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கும். மாட்டோட நாலு வயித்துல முன்னால, பள்ளத்துல இருக்கிறது அதுதான். அது நிமிஷத்துக்கு ஒரு தடவை இறுக்கிச் சுருங்கும். அந்தச் சுருக்கத்துல கம்பியோட கூர் முனை சுவத்தைக் குத்தும். சுவத்துக்கு அந்தப் பக்கம் உதரவிதானம்னு ஒரு மெல்லிய சதைத் திரை, அதைத் தாண்டினா நெஞ்சுப்பை. வயித்துக்கும் இருதயத்துக்கும் நடுவுல சில சென்டிமீட்டர்தான். ஒரு விரல் நீளக் கம்பிக்கு அது ஒரு தூரமே இல்லை. சினை மாட்டுக்கு ஆபத்து இன்னும் கூட. கன்று வளர வளர வயித்தை முன்னால தள்ளும், ரொம்ப நாளா சும்மா கிடந்த கம்பிகூட அப்போ குத்தும்.

போன வருஷம் எங்க தோட்டத்துல நடந்ததைச் சொல்றோம். யாரையும் பேர் சொல்லிக் குத்தம் சொல்ற எண்ணம் இல்லை. திருவிழா குப்பை ஞாயித்துக்கிழமை கொட்டப்பட்டுச்சு. புதன்கிழமை காலையில ஏழு மாசச் சினையா இருந்த ஒரு பசு, எட்டு லிட்டர் கறந்தது, மூணு லிட்டருக்கு இறங்கிடுச்சு. புல்லைத் தொடலை. முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கமா விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. படுக்கப் பயம், படுத்தா எழுந்திரிக்கப் பயம். எங்க ஊருதான் முழுக்க மேடும் பள்ளமுமாச்சே. மேட்டுல ஏறினது, இறக்கத்துல வரச் சொன்னா கால் வைக்கலை. கயித்தைப் பிடிச்சு இழுத்தா "ம்ம்"னு முனகுச்சு. இறங்கும்போது வயித்துல இருக்கிறதெல்லாம் முன்னால வந்து அந்தக் கம்பியை அழுத்தும், வலிக்காம என்ன செய்யும்?

வீட்டுக்காரங்க திருஷ்டின்னு சொன்னாங்க. மிளகாய் உப்பு சுத்திப் போட்டாங்க, விபூதி பூசினாங்க. டாக்டரைக் கூப்பிடச் சொன்னப்போ "ரெண்டு நாள் பார்ப்போம்"னு பதில் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மாடு கொஞ்சம் புல் தின்னுச்சு, முனகலும் நின்னுச்சு. பார்த்தீங்களா, மந்திரிச்சதும் சரியாப் போச்சுன்னு ஊரே பேசிக்கிச்சு.

இந்த இடத்தைத்தான் நல்லாக் கவனிக்கணும். விபூதிக்கும் அந்தத் தேறலுக்கும் சம்பந்தம் இல்லை. கம்பி குத்தின இடத்தைச் சுத்தி உடம்பே ஒரு சவ்வு கட்டி மூடப் பார்க்கும். மூணு நாலு நாள்ல வலி கொஞ்சம் தணியும், மாடு தேறின மாதிரி தெரியும். கம்பி அங்கேயேதான் இருக்கும். சில மாடு அப்படியே தப்பிச்சுக்கும். இது தப்பலை. மூணு வாரத்துல தாடைக்கு அடியிலயும் நெஞ்சுத் தொங்கல்லயும் நீர் கோர்த்து வீங்கிடுச்சு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சுக்கிட்டு நின்னுச்சு. வந்த டாக்டர் காதுல குழாயை வச்சுக் கேட்டுட்டு, இருதயத்தைச் சுத்தி சீழ் தண்ணி தளும்புற சத்தம் வருதுன்னார். அந்த நிலைமைக்கு வந்துட்டா மருந்தாலயும் ஆபரேஷனாலயும் காப்பாத்துறது ரொம்ப அரிது. செத்தப்புறம் அறுத்துப் பார்த்தாங்க. நெஞ்சுப்பையில குத்திக்கிட்டு இருந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கட்டுக்கம்பி, ஒரு முனை முறுக்கின முறுக்கு அப்படியே இருந்துச்சு. பசுவும் போச்சு, வயித்துக் கன்றும் போச்சு.

அதே குவியல்ல மேஞ்ச பக்கத்து லயத்து மாடும் அதே வாரம் பால் குறைஞ்சுச்சு. அந்த வீட்டம்மா அன்னைக்கே வெட்டினரி டாக்டரைக் கூப்பிட்டுட்டாங்க. காய்ச்சல் பார்த்தா 39.8. மாட்டுக்குச் சாதாரணமா 38.5 பக்கம்தான் இருக்கணும். டாக்டர் தோள்மேட்டுத் தோலை ரெண்டு கையாலயும் இறுக்கிக் கிள்ளினார். வலி இல்லாத மாடு முதுகைக் கீழே குழிச்சுக் கொடுக்கும், இது விறைச்சு நின்னு முனகுச்சு. கிருமிக்கு ஊசி, வயித்துக்குள்ள ஒரு காந்தம். அப்புறம் முன்னங்கால் ரெண்டும் ஒரு சாண் உயரப் பலகை மேல இருக்கிற மாதிரி ரெண்டு வாரம் கொட்டாயிலேயே கட்டி வைக்கச் சொன்னார். முன்பக்கம் உயர்ந்தா கம்பி பின்னால சரியும், காந்தம் அதைப் பிடிச்சுக்கும். மாடு பிழைச்சுச்சு, இப்போ பால் கறக்குது. ரெண்டு மாட்டுக்கும் ஒரே குப்பை, ஒரே வாரம். வித்தியாசம் டாக்டரைக் கூப்பிட்ட நாள்தான்.

காந்தம்னதும் சிலர் சிரிக்கிறாங்க, சிலர் சாமி மாட்டுக்குள்ள இரும்பு போடுறது பாவம்ங்கிறாங்க. தேயிலை ஆலையில வேலை பார்க்கிறவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. தூள் ஓடுற வழியில காந்தம் வச்சு இரும்புத் துகளைப் பிடிக்கிறது நமக்குப் புதுசா? நாம குடிக்கிற டீக்குக் காந்தம் வேணும், நமக்குப் பால் கொடுக்கிற பசுவுக்கு வேண்டாமா?

இது விரல் நீளத்துக்கு உருண்டையா, முனை மழுங்கலா, மாட்டுக்குன்னே செய்யுறது. டாக்டர் ஒரு குழாய்க் கருவியால நாக்குக்குப் பின்னால வச்சு முழுங்க வைப்பார். போடுறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் பட்டினி போடணும்னு அவரே சொல்வார். கிடேரி ஒரு வயசை ஒட்டி வரும்போது ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் அந்த இரண்டாவது வயித்துலயே கிடக்கும். அதுக்கப்புறம் வர்ற கம்பியெல்லாம் காந்தத்தோட ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கிடும், சுவத்துல குத்தாது. "அதை எப்போ வெளியே எடுக்கிறது?"ன்னு கேக்காதீங்க, எடுக்கவே வேண்டாம். ஒரு மாட்டுக்கு ஒண்ணு போதும். ஏற்கெனவே போட்டிருக்கான்னு சந்தேகம் இருந்தா, இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால நெஞ்சு ஓரமா திசைகாட்டியைக் கொண்டு போங்க, முள் திரும்பும். பழைய ஸ்பீக்கரை உடைச்சு அந்தக் காந்தத்தைப் போடலாமான்னு ஒரு தம்பி கேட்டான். கூடவே கூடாது, அது உடையும், உடைஞ்ச துண்டே கத்தி மாதிரி இருக்கும்.

காந்தம் போட்டாச்சு, இனி எதை வேணும்னாலும் கொட்டலாம்னு நினைச்சுடாதீங்க. செம்புக் கம்பி, அலுமினியக் கம்பி காந்தத்துல ஒட்டாது. இப்போ மாலைக்கும் சீரியல் பல்புக்கும் அதுவும் வருது. ஏற்கெனவே சுவத்தைத் தாண்டி முழுசா வெளியே போன கம்பியையும் காந்தம் திருப்பி இழுக்காது. பிளாஸ்டிக்கையும் பிடிக்காது. 2019-ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில ஒரு பசு வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க, செய்தியில பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் பிளாஸ்டிக் பையைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, நல்லதுதான். ஆனா பிளாஸ்டிக் சேர்ந்து சேர்ந்து வருஷக் கணக்குல கொல்லும். கம்பி ஒண்ணே ஒண்ணு போதும்.

கோயில் குப்பை மட்டும்தான் காரணமான்னு கேட்டா, இல்லைதான். காய்கறித் தோட்டத்துல இருந்து கொண்டு வர்ற முட்டைக்கோசு இலையில, மழைக்கூரை கட்டின கம்பித் துண்டு கலந்து வரும். பழைய டயரைத் தொட்டியா வச்சிருந்தா உள்ளே இருக்கிற எஃகு நூல் பிஞ்சு தீவனத்துல விழும். மாடு வளர்க்கிற வீட்டுல அதையும் பாருங்க. ஆனா அடுத்தவன் தோட்டத்துல கம்பி இருக்குன்னு சொல்லிக்கிட்டு நம்ம கோயில் கம்பியை மாட்டுக்கு முன்னால கொட்டுறது நியாயம் ஆகாது.

அதனால இந்த வருஷம் பந்தல்காரரிடம் நாங்க சொல்லியாச்சு. வாழைக்கும் தோரணத்துக்கும் சணல் கயிறு, வாழைநார், இது ரெண்டுதான். ஸ்டேப்ளர் கோயில் வாசலுக்குள்ள வரக்கூடாது, ஈர்க்குச்சியால குத்துங்க, நம்ம பாட்டிமார் அப்படித்தான் குத்தினாங்க. மாலை வாங்கிட்டு வர்றவங்க கடையிலேயே "கம்பி இல்லாம நூல்ல கட்டுங்க"ன்னு கேளுங்க. கம்பி வச்ச மாலை வந்தா சாமிக்குச் சாத்துவோம், மாட்டுக்குப் போகாது. திருவிழா முடிஞ்ச திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்க பத்துப் பேர் எல்லாத்தையும் பிரிப்போம். ஆலையில இருந்து ஒரு கைக்காந்தம் கேட்டிருக்கோம், தரையில ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு வாழை இலைகூட வெளியே போகும். கையுறை நாங்க கொடுக்கிறோம், குறடு இருக்கிறவங்க கொண்டு வாங்க. மாடு வச்சிருக்கிறவங்க கிடேரி எத்தனைன்னு எங்ககிட்ட எழுதிக் கொடுங்க, ஒரே நாள்ல டாக்டரை வரவழைச்சுக் காந்தம் போடப் பேசிக்கிட்டு இருக்கோம். அதுக்குள்ள எந்த மாடாவது திடீர்னு பால் குறைஞ்சு, இறக்கத்துல இறங்க மறுத்தா, ராத்திரியா இருந்தாலும் எங்களுக்குப் போன் பண்ணுங்க, டாக்டரைக் கூட்டிட்டு வர்றோம். விபூதியை அவர் வந்து பார்த்த பிறகு பூசிக்கலாம்.