“நாளைக்கு இரவு 8க்கு வைப்பம்” – யாருடைய நாளை?



மாலை வகுப்பு ஆசிரியரின் கொடுப்பனவு பற்றி முடிவெடுக்க, பள்ளிமுனையில் நாங்களும் லண்டன், ரொறன்ரோ பழைய மாணவர்களும் சூமில் கூட இருந்தோம். ஒக்டோபர் 26 ஞாயிறு காலை 7.30க்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: “சொறி, இண்டைக்கு ஏலாது. நாளைக்கு இரவு 8க்கு வைப்பம்.”

அனுப்பிய ரொறன்ரோ தம்பிக்கு அப்போது சனி இரவு 10 மணி. அவர் சொன்ன நாளை ஞாயிறு. அவருடைய இரவு 8 நமக்குத் திங்கள் அதிகாலை. நாங்களோ திங்கள் இரவு 8க்குக் காத்திருந்தோம். லண்டன் அண்ணன் ஞாயிறன்று தன் ஊர் 8 மணிக்கு வந்து, ஆளில்லாமல் போய்விட்டார். மூன்று இடமும் மூன்று நேரம். கொடுப்பனவு இன்னொரு கிழமை தள்ளிப்போனது.

தம்பியைக் குறை சொல்லவில்லை. பேச்சாக வந்த அந்த வரியை யாராவது அழைப்பாகத் திருத்தி எழுதியிருக்க வேண்டும். நாங்களும் எழுதவில்லை. பிறகு இப்படி எழுதினோம்:

“26ஆம் திகதிக் கூட்டம் நடைபெறவில்லை. புதிய நேரம்: 2025 நவம்பர் 2, ஞாயிறு.
இலங்கை இரவு 8.00
லண்டன் பிற்பகல் 2.30
ரொறன்ரோ காலை 9.30
நீளம்: 45 நிமிடம். சூம் இணைப்பு பழையதே.
முடிவெடுக்க வேண்டியது: ஆசிரியர் கொடுப்பனவு.
வர முடியாதவர்கள் வெள்ளி இலங்கை நேரம் மாலை 6 மணிக்குள் அறியத்தரவும்.”

இதில் ‘இன்று’, ‘நாளை’ இல்லை. கிழமையும் திகதியும் சேர்ந்தே வருகின்றன. ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

ரொறன்ரோ நேரத்தைக் கவனியுங்கள். கோடையில் நமது இரவு 8 அவர்களுக்குக் காலை 10.30. நவம்பர் 2 அதிகாலை அங்கே மணிக்கூட்டை ஒரு மணி பின்னே வைத்ததால் 9.30 ஆனது. லண்டன் அதை ஒரு கிழமை முன்னரே, ஒக்டோபர் 26இல் செய்துவிட்டது. ஆகவே போன மாதத்து நேரத்தை அப்படியே பிரதி எடுத்தால் பிழைக்கும்.

எங்கள் கருத்து இதுதான்: கூட்டம் எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கோ, அந்த ஊர் நேரமே அடிப்படையாக இருக்கட்டும். நமது மணிக்கூடு மாறுவதில்லை. கூகுள் கலண்டரில் மாதக் கூட்டத்தைக் கொழும்பு நேரத்தில் பதிந்தால் நமக்கு எப்போதும் 8 மணிதான். லண்டன் நேரத்தில் பதிந்தால் வருடம் இருமுறை நமக்கு இடம்பெயரும். நாள் மாறினால் புதிதாக ஒன்று போடாமல் பழைய பதிவையே திருத்துங்கள். இரண்டும் கிடந்தால் பாதிப்பேர் பழையதற்கு வருவார்கள்.

1996இல் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளி, 2006இல் மீண்டும் பழையபடி ஆக்கும்வரை, “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுத்தானே எதற்கும் போனோம்? குழுவில் இனி யாராவது “8க்கு” என்றால், “எந்த ஊர் 8?” என்று கூச்சமின்றிக் கேட்போம்.