உங்கள் படத்தை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள்

பாகான் டத்தோவில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். திருமணத் தகவல் பக்கத்தில் போட அவளே ஒரு செல்ஃபியை எடுத்து வைத்திருந்தாள். அதை மாற்றச் சொன்னவன் நான்தான்.

செல்ஃபியில் மூக்கு நுனி கேமராவிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காதுகள் அதற்கு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் பின்னால், அதாவது 42 சென்டிமீட்டரில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிடும்போது மூக்கு 40 விழுக்காடு பெரிதாகப் பதிகிறது! கேமராவை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் இந்த வேறுபாடு 8 விழுக்காடுதான். எதிரில் நின்று பேசுபவர் காணும் முகம் ஏறக்குறைய அதுவே.

சரி, எடுத்த படங்களில் எதைப் போடுவது? ஆஸ்திரேலியாவில் டேவிட் வைட் குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தாமே தேர்ந்தெடுத்த படங்களைவிட, முன்பின் தெரியாதவர்கள் தேர்ந்தெடுத்த படங்களே பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கின. ஆகவே, அவளைப் பார்த்தே இராத என் அலுவலகத் தோழியிடம் 12 படங்களைக் காட்டினேன். அவர் எடுத்தது, தென்னை நிழலில் தங்கையோடு பேசிச் சிரிக்கும்போது எடுத்த படம். கண்ணோரம் சுருங்கியிருக்கிறது. “பொட்டு கோணலா இருக்கே” என்று அண்ணி முனகினார். நான் விடவில்லை.

ஆனால் அந்தப் படம் அவளுடைய நேர்மையைக் காட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு முகத்தை நம்பலாமா என்று முடிவுகட்ட நமக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸும் தொதொரோவும் காட்டினர். அதே ஆளின் வேறொரு படத்தைப் பார்த்தால் அந்த முடிவே மாறிவிடலாம். மாப்பிள்ளைப் படங்களைப் பார்த்து அண்ணன், “முகத்தப் பார்த்தாலே தெரியுது, நல்ல பையன்” என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.