பாதி மாத்திரை பாதுகாப்பு அன்று

கல்லீரல் நோயாளிகளின் குடும்பத்தாரிடமிருந்து இரண்டு கூற்றுகளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். 'கல்லீரலுக்கு ஆகாதென்று ஆன்டிபயாடிக்கைப் பாதியாக உடைத்துக் கொடுத்தோம்' என்பது ஒன்று. 'வெறும் காய்ச்சல்தானே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தோம்' என்பது மற்றொன்று. முன்னது அச்சத்தாலும் பின்னது துணிவாலும் விளைகிறது. எனினும் இரண்டிற்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: ஆன்டிபயாடிக் அனைத்தும் ஒரே தன்மையுடையவை என்பது. அது சரியன்று என்பதையும், கல்லீரல் நோயில் அளவைக் குறைப்பதைவிடச் சரியான மருந்தைத் தேர்வதே முதன்மையானது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு மருந்தைப் பற்றி மருத்துவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். அது உடலைவிட்டு வெளியேறும் வழி கல்லீரலா, சிறுநீரகமா? நோயாளியின் சிறுநீரகம் இப்போது எந்நிலையில் உள்ளது? அம்மருந்து தானே கல்லீரலைப் புண்படுத்தும் இயல்புடையதா? இம்மூன்றிற்கும் விடை மருந்துக்கு மருந்து மாறுபடும். ஆகவே, எல்லா மருந்தையும் பாதியாக்கும் பழக்கத்திற்கு மருத்துவ அடிப்படை இல்லை. சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் அமாக்சிசிலினைக் கல்லீரல் நோய்க்காகப் பாதியாக்கினால், நோய்க்கிருமி சாகாமல் தப்பிவிடும்; கல்லீரலுக்கோ எந்த நன்மையும் கிடைக்காது.

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளியை மனத்தில் வைத்துக்கொள்வோம். நெமிலிச்சேரியில் வசிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர்; எடை 60 கிலோ. ஈரல் சுருக்க நோயால் வயிற்றில் நீர் தேங்கியிருக்கிறது. புறநகர் ரயிலில் சென்ட்ரல் வரை சென்று, எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மாதந்தோறும் காட்டி வருகிறார். ஒருநாள் இரவு காய்ச்சலும் வயிற்றுவலியும் வருகின்றன. அந்நேரத்தில் திறந்திருப்பது தெருமுனை மருந்துக்கடை மட்டுமே.

அங்கே அவருக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டு: அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, காய்ச்சலுக்கு டைக்குளோஃபினாக். முதலாவது, மருந்தால் கல்லீரல் புண்படும் நிகழ்வுகளில் உலகின் பல நாடுகளில் முன்வரிசையில் நிற்பது. இதில் கேடு விளைவிப்பது பெரும்பாலும் கிளாவுலானிக் அமிலமே. அமாக்சிசிலின் மட்டும் தனித்து அவ்வளவு தீங்கு செய்வதில்லை. மாத்திரையை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் காமாலை தோன்றக்கூடும் என்பதால், குடும்பத்தார் இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. தேவைப்படும்போது மருத்துவர் கண்காணிப்புடன் இதைத் தருவதுண்டு. ஆனால் இதனால் ஒருமுறை காமாலை கண்டவருக்கு மீண்டும் தரவே கூடாது.

டைக்குளோஃபினாக் ஆன்டிபயாடிக் அன்று. எனினும் அதை இங்கே கூறாமல் விட இயலாது. ஈரல் சுருக்க நோயாளியின் சிறுநீரகம் குறைந்த இரத்த ஓட்டத்தில் தாக்குப்பிடித்து வாழ்கிறது. வலிநிவாரணி மாத்திரைகள் அந்தத் தாங்குதலையும் உடைத்துவிடும். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளின் கதையும் இதுவே. அவை கல்லீரலைத் தொடுவதில்லை, சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. இதனால் 'கல்லீரலுக்குப் பாதகமில்லை' என்று கருதப்படும் இவ்வூசிகளே ஈரல் சுருக்க நோயாளிக்குக் கூடுமானவரை தவிர்க்கப்பட வேண்டியவை. இவருக்குக் கிரியாட்டினின் அளவு இயல்பாக இருந்தாலும் முழுமையாக நம்புவதற்கில்லை. தசை மெலிந்த உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகும். ஆகையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தும் சோதனைத் தாளில் எண் நன்றாகத் தெரியும். காய்ச்சலுக்கு இவருக்கு ஏற்றது பாராசிட்டமால். நாளொன்றுக்கு மொத்தம் 2 கிராம் மிகாமல்.

இவருக்குச் செய்ய வேண்டியது வேறு. வயிற்று நீரே கிருமித் தொற்றுக்கு இடமாகியிருக்கலாம் என்ற ஐயத்துடன், ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே ஊசியால் சிறிது நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று உறுதி. வீட்டிலேயே இரண்டு வேளை மாத்திரை விழுங்கிவிட்டு வந்தால் கிருமியை வளர்த்துக் கண்டறிவது கடினமாகிவிடும். எந்த மருந்து அதனைக் கொல்லும் என்பதையும் அறிய முடியாமற்போகும். மருந்துக்கடையின் அந்த இரண்டு வேளை மாத்திரையை நாங்கள் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொற்று வீட்டிலேயே தொடங்கியதாயின் இங்கே பெரும்பாலும் பயன்படுவது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம், ஐந்து முதல் ஏழு நாள்கள். இது பித்தம், சிறுநீர் ஆகிய இருவழியிலும் வெளியேறுவது. ஒரு வழி அடைபட்டால் மற்றது ஈடுசெய்யும். ஆதலால் கல்லீரல் நோய் மட்டும் இருப்பின் அளவைக் குறைப்பதில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் ஒருசேரத் தளர்ந்திருந்தால் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டுவதில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் நீரெடுத்துப் பார்க்கும்போது வெள்ளணு எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கேனும் குறைந்திராவிட்டால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது தொற்று வந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே வலிமிக்க வேறு மருந்து தேவைப்படலாம்.

இம்மருந்துடன் ஆல்புமின் பாட்டிலும் எழுதப்படும்போது, 'இவ்வளவு விலையில் இது எதற்கு?' என்று குடும்பத்தார் வினவுவது நியாயமே. 1999இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 33 பேருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஆல்புமினும் சேர்த்துப் பெற்றோரில் 10 பேருக்கு மட்டுமே. அந்த ஆய்வின்படி முதல் நாள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம். நம் நோயாளிக்கு அது முறையே 90 கிராமும் 60 கிராமும் ஆகும். 100 மில்லி கொண்ட 20 சதவீதப் பாட்டில் ஒன்றில் இருப்பது 20 கிராம். இங்கு ஆன்டிபயாடிக்கின் பயனைச் சிறுநீரகம் காப்பாற்றப்படுவதே முழுமையாக்குகிறது.

அளவை உண்மையாகவே குறைக்க வேண்டிய மருந்துகளும் உண்டு. மெட்ரனிடசோல் அவற்றுள் ஒன்று. இதனைச் சிதைப்பது கல்லீரல். நோய் முற்றியவருக்கு அளவை ஏறத்தாழப் பாதியாக்குவது வழக்கம். குறைக்காமல் தொடர்ந்தால் மருந்து உடலில் தேங்கி, பாதங்களில் மரத்தல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், மனக்குழப்பம் ஆகியவை வரும். கல்லீரல் நோயாலேயே மூளை மந்தமாவதும் இப்படித்தான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய, அண்மையில் உண்ட மருந்துகளின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். வேறொன்றையும் கவனித்தல் நலம். மூளை மந்தத்தைத் தடுக்க லாக்டுலோஸ் உட்கொள்பவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் கழிப்பதே மருந்தின் நோக்கம். அதை வயிற்றுப்போக்கு என்று கருதி மெட்ரனிடசோல் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. அதே நோக்கத்திற்காக எழுதப்படும் ரிஃபாக்சிமின் குடலிலேயே தங்கி, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பது. 'ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் தரலாமா' என்று அஞ்சிக் குடும்பத்தார் நிறுத்திவிடுவது, நோயாளியை மீண்டும் மயக்க நிலைக்குக் கொண்டுபோகும்.

காசநோய் மருந்துகள் இன்னும் கவனத்திற்குரியவை. சானடோரியத்தில் தங்காமல் வீட்டிலிருந்தே காசநோய்க்கு மருந்து உட்கொள்ளலாம் என்பதை உலகுக்கு நிறுவிய ஆய்வு, 1956இல் சென்னையில் தொடங்கியதே. வீட்டில் மருந்து உட்கொள்வதெனில் வீட்டார் கண்காணிப்பும் உடன் வேண்டும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ஈரல் சுருக்கம் உள்ளவருக்குப் பொதுவாகப் பைராசினமைடை முதலில் விலக்குவர்; எத்தாம்பியூட்டால், லீவோஃப்ளாக்சசின் போன்றவை கல்லீரலுக்கு எளியவை. குமட்டல், பசியின்மை, கண் மஞ்சளித்தல், சிறுநீர் தேநீர்போல் கறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

சட்டம் இங்கே எவ்வளவு காக்கிறது? 2012இல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு பற்றிய 'சென்னைப் பிரகடனத்தை' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது நோயாளி, மருத்துவர் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆயினும் அமாக்சிசிலின்–கிளாவுலானிக் மாத்திரையும் மெட்ரனிடசோலும் அந்த அட்டவணையில் இல்லை. அவற்றிற்கும் மருந்துச் சீட்டு தேவைதான். பதிவேடு மட்டும் தேவையில்லை. கல்லீரல் நோயாளிக்கு மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகள் சிலவே எளிதாகக் கைமாறுகின்றன என்பது எங்கள் கருத்து.

ஆகவே கல்லீரல் நோயாளி ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் மூன்று வரிகள் தமிழில் இடம்பெற வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம்: கல்லீரல் நோயின் நிலை, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினினும் அதன் தேதியும், முன்பு தீங்கு செய்த மருந்தின் பெயர். அச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருங்கள். எந்த மருத்துவரிடமும் கடையிலும் முதலில் அதைக் காட்டுங்கள். வயிற்றில் நீருள்ளவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, சிறுநீர் குறைதல், பேச்சிலோ தூக்கத்திலோ திடீர் மாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலே இல்லாமல் மனக்குழப்பம் மட்டுமே தொற்றின் அடையாளமாக வருவதும் உண்டு.