கோரிக்கை மனு: இணைய விற்பனையில் குறைந்தபட்ச விளம்பர விலை குறித்து

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
இணையவழி விற்கும் சிறு வெட்கிரைண்டர் தயாரிப்பாளர்கள் சங்கம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
1. தலைவர், இந்தியப் போட்டி ஆணையம், புது டெல்லி.
2. செயலாளர், நுகர்வோர் விவகாரத் துறை, புது டெல்லி.

பொருள்: குறைந்தபட்ச விளம்பர விலைக்கு வழிகாட்டுதல் வெளியிடவும், பொருள் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும் மறுவிற்பனையாளர்களைச் சரிபார்க்கவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

விற்பனை விலையை நாங்களே கட்டிவைக்க அனுமதி கேட்டு இம்மனுவை அளிக்கவில்லை. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3(4)(உ) பிரிவு மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. அத்தகைய ஒப்பந்தம் போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவு பாதித்தால் அது செல்லாது. முகவர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு வைத்ததற்காக 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் அறிவோம்.

எங்கள் சிக்கலை ஒரு கணக்கால் விளக்குகிறோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, வரி நீங்கலானவை. ஒரு டேபிள் டாப் கிரைண்டரை முகவருக்கு 4,000 ரூபாய்க்குத் தருகிறோம். விளம்பர விலை 5,200 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது எங்கள் கொள்கை. யாரென்று தெரியாத ஒருவர் எங்கள் பொருள் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டு 4,299 ரூபாய் என்று போடுகிறார். தளக் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்ந்து 15 சதவீதம் என்றால், அவர் கைக்கு வருவது 3,654 ரூபாய். அதாவது, முகவர் விலைக்கு வாங்கியிருந்தால் அவருக்கு 346 ரூபாய் நட்டம்.

நட்டத்துக்கு யாரும் மாதக்கணக்கில் விற்கமாட்டார்கள். இப்படி ஒரு விலை நீடித்தால், சரக்கு வேறு வழியில் வந்திருக்கிறது என்று பொருள். சில நேரம் தவறு எங்களுடையதே. நூறு வாங்கினால் 12 இலவசம் என்று திட்டம் போட்டால் ஒரு கிரைண்டரின் அடக்கம் 3,571 ரூபாயாக இறங்கிவிடுகிறது. அந்தச் சரக்கு முகவர் கையிலிருந்து கசிகிறது. இதைக் கண்டறிய, நாங்களே ஒன்றை வாங்கி, அதன் வரிசை எண் எந்த விலைப்பட்டியலில் போனது என்று பார்க்கிறோம். கசிவு எங்கள் பக்கம் என்றால் திட்டத்தைத் திருத்துவதும் அந்த முகவரிடம் பேசுவதும் எங்கள் பொறுப்பு. அதற்கு அரசின் உதவியை நாடவில்லை.

ஆனால் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, திரும்பி வந்த பழைய கிரைண்டர் புதிதென்று விற்கப்பட்டாலோ, போலியாக இருந்தாலோ எங்களால் தடம் பிடிக்க முடிவதில்லை. கல் தேய்ந்ததென்று வாடிக்கையாளர் எழுதும் குறை, விற்றவர் யாராக இருந்தாலும், எங்கள் பக்கத்தின் அடியில்தான் நிற்கிறது.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. கடையில், விளம்பரத்தில் ஒரு விலையும் கல்லாவில் பேரம் பேசி வேறு விலையும் இருக்கலாம். இணையத் தளத்திலோ பக்கத்தில் காட்டும் விலையே விற்பனை விலை. இதனால் விளம்பர விலைக் கொள்கை, விலையைக் கட்டுவதாகவே பொருள்படக்கூடும். ஆகவே, 2023 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 64ஆ பிரிவின்படி ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். பக்கத்தில் கொள்கை விலையைக் காட்டிவிட்டு, கூடையில் சேர்த்த பிறகு முகவர் தம் விருப்பப்படி குறைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதித்தால் அக்கொள்கை ஏற்கத்தக்கதா என்பதை அதில் தெளிவாக்க வேண்டும்.

2. பிறர் உருவாக்கிய பொருள் பக்கத்தில் சேர விரும்பும் விற்பனையாளர், உரிமையாளரிடமோ அவரது முகவரிடமோ வாங்கியதற்கான விலைப்பட்டியலைத் தளத்திடம் முன்கூட்டியே காட்ட வேண்டும். அனுமதியின்றி இவ்வாறு ஒட்டிக்கொள்வதை 2022இல் ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் கண்டித்து, அந்த வசதியை வழக்காடிய நிறுவனத்தின் பக்கங்களில் நிறுத்தச் சொன்னது. ஒவ்வொரு சிறு தயாரிப்பாளரும் நீதிமன்றம் ஏற முடியாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இதைச் சேர்க்க வேண்டுகிறோம்.

3. முறையாக வாங்கிய சரக்கை மறுபடி விற்பது வணிகக்குறிச் சட்டத்தின் 30(3) பிரிவின்படி வணிகக்குறி மீறல் அல்ல. அப்படி விற்பவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. சரக்கின் நிலை மாறியிருந்தாலோ கெட்டிருந்தாலோ எதிர்க்கும் உரிமையை 30(4) பிரிவு எங்களுக்குத் தருகிறது. எனவே தயாரிப்பாளர் உத்தரவாதம் உண்டா இல்லையா, பொருள் புதியதா திரும்பி வந்ததா என்பது விலைக்கு அருகிலேயே தெரிய வேண்டும்.

4. தளமே தன் பணத்தில் தரும் தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். இல்லையேல், கொள்கையை மீறாத முகவர் மீது நாங்கள் வீண்பழி சுமத்த நேரிடும்.

மலிவாக விற்பவர் மீது எங்களுக்குப் புகார் இல்லை. எங்கள் பக்கத்தில் நின்று விற்பவர் யார், என்ன சரக்கு என்பது வாங்குபவருக்குத் தெரியட்டும். ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்

இணைப்பு: சோதனைக் கொள்முதல் ரசீதுகள், வரிசை எண் பதிவேட்டின் நகல்.