கையெழுத்தும் தலையெழுத்தும்

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு பேட்ச் பிரித்தபோது எங்கள் துறையில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஏழு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். அதை அங்கிருக்கும் வாக்கியங்களில் தனக்குப் பொருந்துவதற்கெல்லாம் பங்குபோட வேண்டும். கூட்டிப் பார்த்தால் எட்டு விதமான குழுப் பாத்திரங்களில் நீங்கள் எது என்று தெரிந்துவிடுமாம். புது யோசனை தருபவர் ‘பிளான்ட்’, தள்ளி நகர்த்துபவர் ‘ஷேப்பர்’, சந்தேகப்பட்டு எடைபோடுபவர் ‘மானிட்டர் எவால்யுவேட்டர்’, இப்படி. நான் ‘கம்ப்ளீட்டர் ஃபினிஷர்’. பிழை பார்த்து, நேரத்துக்கு முடித்துக் கொடுப்பவள். தமிழில் சொன்னால், ரிப்போர்ட் டைப் அடிப்பவள்.

அந்தத் தாள் மெரிடித் பெல்பின் என்ற பிரிட்டிஷ்காரருடையது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஹென்லி நிர்வாகக் கல்லூரியில் போட்டி விளையாட்டு ஆடிய குழுக்களை வருடக்கணக்கில் கவனித்து 1981இல் புத்தகம் எழுதியவர். மகா புத்திசாலிகளை மட்டும் ஒரே குழுவில் போட்டுப் பார்த்திருக்கிறார். அப்படி அமைத்த 25 குழுக்களில் ஜெயித்தவை மூன்றுதான். ஒவ்வொருவரும் அடுத்தவர் யோசனையில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே பொழுதைக் கழித்தார்கள். ஆக, வேறுவேறு குணமுள்ளவர்கள் கலந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் சண்டை அந்தத் தாளை வைத்து வேலை பிரிக்கிறவர்களோடு.

கொஞ்சம் கணக்கு. ஏழு பத்து எழுபது. யார் எழுதினாலும் மொத்தம் எழுபதுதான். ஃபினிஷரில் எனக்கு 18, எங்கள் பேட்ச் லீடருக்கு 9. அவனைவிட நான் இரண்டு மடங்கு கவனமானவளா? அப்படிச் சொல்லவே முடியாது. அவனும் என் அளவுக்குக் கவனமானவனாக இருந்து, புள்ளிகளை ஷேப்பர் வாக்கியங்களில் செலவழித்திருக்கலாம். எல்லாவற்றிலும் அரைகுறையான ஒருத்தருக்கும் 18 வரலாம். ஒரே ஆளுக்குள் எது அதிகம், எது குறைவு என்பதைத்தான் அந்த எண் காட்டும். இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட அதற்கு யோக்கியதை கிடையாது. ஆனால் எங்கள் துறையில் செய்தது அதைத்தான்: நாலு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் யாருக்கு அதிகமோ அவர் தலையில் அந்த வேலை.

இன்னொன்று. அந்த வாக்கியங்களுக்கு நான் ஏன் புள்ளி போட்டேன்? எட்டாம் வகுப்பிலிருந்து "உன் கையெழுத்து அழகா இருக்கும்மா" என்று ரெக்கார்டு நோட்டு எழுதவைத்தார்கள். வருடக்கணக்கில் ஒரே வேலையைக் கொடுத்துவிட்டு, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் கை பழகின பக்கம்தானே போகும்? பழக்கத்தை அளந்துவிட்டு அதற்கு விருப்பம் என்று பெயர் வைக்கிறார்கள். எத்தனை பேட்ச்சில் சால்டரிங் அயர்ன் பையன் கையிலும் ரிப்போர்ட் பெண் கையிலும் இருந்தது என்று உங்கள் கல்லூரியிலேயே எண்ணிப் பாருங்கள்.

எங்கள் ப்ராஜெக்ட், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பது. மேலே அல்ட்ராசோனிக் சென்சார். தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்ததும் ஆஃப். ராத்திரி ரிப்போர்ட்டுக்கு அட்டவணை அடிக்கும்போது பார்த்தேன்: 5, 4, 3 என்று ஒழுங்காக இறங்கிய எண்கள் இரண்டுக்குக் கீழே தாறுமாறாகக் குதித்தன. அந்த HC-SR04 இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே அளக்காது. தரவுத்தாளிலேயே போட்டிருக்கிறது. சென்சாரைக் கொஞ்சம் உயர்த்தி, ஐந்தில் நிறுத்தினால் தீர்ந்தது. ஃபோன் பண்ணிச் சொன்னேன்.

"அத நாங்க பாத்துக்கறோம். நீ ரிப்போர்ட்ட முடி."

டெமோ அன்றைக்கு வாளி வழிந்து மேசையெல்லாம் தண்ணீர். ரிப்போர்ட் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

எங்கள் பேட்ச்சில் எடைபோடுகிற ஆள் இல்லாமல் இல்லை, இருந்தாள். அவள் நெற்றியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. பெல்பினே ஒருவருக்கு இரண்டு மூன்று பாத்திரங்கள் இயல்பாக வரும் என்றுதான் சொன்னார். கூட வேலை செய்பவர்கள் சொல்வதையும் சேர்த்துப் பார்க்கும் முறையும் அவர்களிடம் உண்டு. நம் ஆட்களுக்கு அதெல்லாம் தலைவலி. ஒரு தாள், ஒரு பெயர், வேலை முடிந்தது.

இப்போது நானே வேறொரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். தாள் கொடுப்பதில்லை. முதல் இரண்டு வாரம் சின்னதாக ஒரு சர்க்யூட் செய்யச் சொல்கிறேன். பிறகு, மற்ற மூவரும் என்னென்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். யாரிடம் எது இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். ரிப்போர்ட்டில் அவரவர் செய்த அத்தியாயத்தை அவரவரே எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருவருக்கு ஒரே வேலை: அந்த வார அளவீடுகளை நம்பாமல் இருப்பது.

நேரம் அதிகம் பிடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாறு பேட்ச்சுக்கு மேல் என்னாலும் முடியாது. போன மாதம் ஒரு பையன் வந்து, "மேடம், எனக்கு எழுத வராது, அவ நல்லா எழுதுவா" என்றான். அவளைப் பார்த்தேன். தலைகுனிந்து மல்டிமீட்டரில் ஏதோ அளந்துகொண்டிருந்தாள். "சரி, உன் ரெண்டு பக்கத்த திங்கட்கிழமை கொண்டு வா" என்றேன்.